இருநூறு ஜிபி மைக்கேல்ராஜ்

அமலோற்பவம் தன் புருஷனைச் சேர்த்து வைத்துக்கொண்டிருந்தாள். நகை நட்டு சேர்ப்பவர்கள் உண்டு, பாத்திரம் பண்டம் சேர்ப்பவர்கள் உண்டு. இவள் சேர்த்தது மைக்கேல்ராஜை.

சங்கராபுரத்துக்கு மேற்கே, வாசலில் நின்றால் கல்வராயன் மலை தெரிகிற ஊர். அங்கே பால் சொசைட்டியில் காலையும் மாலையும் பாலை ஊற்றிக் கொழுப்புப் பார்ப்பது அவள் வேலை. மைக்கேல்ராஜ் முன்பு மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் கான்ட்ராக்ட் வெல்டராக இருந்தவர். அரவை முடிந்தால் வேலையும் முடிந்துவிடும். ஏழு வருஷத்துக்கு முன் குவைத்துக்குப் போனார். போகிற வாரத்தில், ஊர் மாதா கோயில் தேருக்குப் புதிதாக இரும்பு அச்சும் அடிச்சட்டமும் பற்றவைத்துக் கொடுத்துவிட்டுத்தான் போனார்.

வாரத்தில் நாலு நாளாவது ஒரு மணி நேரம் வீடியோ காலில் வருவார். ஒருநாள் பேசி முடித்ததும் ஸ்கிரீன் கறுத்துப் போனது. அந்தக் கறுப்பில் தன் முகமே தெரிந்ததை அவளால் தாங்க முடியவில்லை. மறுநாளிலிருந்து ஒவ்வொரு வீடியோ காலையும் ஸ்கிரீன் ரெக்கார்டு பண்ணத் தொடங்கினாள். அவருக்குச் சொல்லவில்லை. சொல்ல வெட்கமாக இருந்தது. ஒவ்வொன்றும் முக்கால் ஜிபி, ஒரு ஜிபி என்று இரண்டு வருஷத்தில் நானூறு ரெக்கார்டிங்குக்கு மேல் சேர்ந்துவிட்டது. போன் நிரம்ப நிரம்ப, மகள் ஜெனிபர் விட்டுப்போன பழைய லேப்டாப்பில் ஏற்றி வைத்தாள்.

பாண்டிச்சேரியில் வேலை பார்க்கும் ஜெனிபர் ஆகஸ்டு கடைசியில் வந்தபோது, "லேப்டாப் செத்துச்சின்னா அப்பா மொத்தமா போய்டுவாரும்மா" என்று சிரித்தாள். பெரிய கிளவுட் கணக்கு ஒன்று வாங்கி, போனையும் லேப்டாப்பையும் அதில் கோர்த்துவிட்டாள். லேப்டாப்பை மட்டும் அணைக்காதே, அதுவே பார்த்துக்கொள்ளும் என்றாள். அமலோற்பவம் அணைக்கவில்லை. முதல் தேதியிலிருந்து இரவும் பகலும் அது ஓடியது. பச்சைக் கோடு நகர்வதைப் பார்க்கிறபோதெல்லாம் புருஷன் பத்திரமான இடத்துக்குப் போகிறார் என்று நிம்மதியாக இருந்தது.

செப்டம்பர் எட்டு மாதா பிறந்தநாள். சாயங்காலம் தேர் வரும். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு நிமிஷம் நிற்கும், வீட்டார் உப்பும் மிளகும் போட்டு மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். இந்த வருஷம் அந்த நிமிஷத்துக்கு மைக்கேல்ராஜே நேரில் வருவதாக இருந்தது. லீவு கேட்டு எழுதியும் கொடுத்திருந்தார். கம்பெனி கையை விரித்துவிட்டது.

"பரவால்ல அமலு. தேரு நம்ம வாசல்ல நிக்கறப்போ போன்ல காட்டு. அச்சு எப்படி இருக்குன்னு பாக்கணும். அதுபோதும்" என்றார்.

அந்த 'அதுபோதும்' அவளை என்னவோ செய்தது.

ஐந்தாம் தேதி மாலை கால் வந்தது. மைக்கேல்ராஜின் முகம் கட்டம் கட்டமாக உடைந்தது. வாய் ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம். மூன்று தடவை அறுந்தது. ஆறாம் தேதியும் அதேதான். ஏழாம் தேதி படமே வரவில்லை. மொபைல் டேட்டாவை நம்பலாமென்றால், அவள் தெருவில் சிக்னல் ஒரு கோடு நின்றாலே பெரிய விஷயம். திருவிழாக் கூட்டம் வந்தால் அதுவும் படுத்துவிடும்.

எட்டாம் தேதி காலையில் சொசைட்டியிலிருந்து நேராக, இன்டர்நெட் லைன் கொடுத்திருக்கும் கேபிள் தனசேகரன் வீட்டுக்குப் போய் அவரைக் கையோடு கூட்டிவந்தாள். அவர் மோடத்தைப் பார்த்தார், ஒயரைப் பார்த்தார், பிறகு தன் போனில் அவள் கணக்கைத் திறந்தார்.

"லைன்ல ஒண்ணும் இல்லக்கா. உங்க பிளான்ல மாசத்துக்கு இருநூறு ஜிபி வரைக்கும்தான் முப்பது எம்பி ஸ்பீடு. அதுக்கு மேல ஒரு எம்பிக்கு எறக்கிடுவாங்க. நீங்க அஞ்சாந் தேதியே இருநூற முடிச்சிட்டீங்க."

"நானா? நான் ஒரு சினிமாகூட பாக்கறதில்ல தம்பி!"

"பாக்கலக்கா. அனுப்பிக்கினு இருக்கீங்க. இங்க பாருங்க, ஏறக்கொறைய எல்லாமே அப்லோடு. எறக்கினாலும் கணக்கு, ஏத்தினாலும் கணக்கு. இன்னா அது, அவ்ளோ ஜாஸ்தி?"

மூலையில் லேப்டாப் விசுவாசமாக ஓடிக்கொண்டிருந்தது. தனசேகரன் குனிந்து பார்த்தார். வரிசையாக மைக்கேல்ராஜ்கள். பனியன் போட்ட மைக்கேல்ராஜ், சாப்பிடும் மைக்கேல்ராஜ், சோப்பு நுரையோடு சவரம் பண்ணும் மைக்கேல்ராஜ். நல்ல மனுஷன், சிரிக்கவில்லை. அமலோற்பவத்துக்குத்தான் காது மடல்வரை சூடேறியது.

"இன்னொண்ணுக்கா. போன்ல எடுக்கற வீடியோ மேல போவுது. அதே வீடியோ திரும்ப லேப்டாப்புக்கு எறங்குது. ஒரே வீடியோவுக்கு ரெண்டு கணக்கு."

"டாப்-அப் எதுனா போட்டு வுடுங்க தம்பி. இன்னிக்கி தேரு."

"இந்த பிளான்ல டாப்-அப் கெடையாதுக்கா. பெரிய பிளான் மாத்தினாலும் ஒண்ணாந் தேதியிலேந்துதான்."

அவள் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். புருஷனைப் போகவிடாமல் பிடித்து வைக்கப் பார்த்தாள். வருகிற புருஷனுக்கு அதுவே குறுக்கே படுத்துவிட்டது. ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"அழாதீங்கக்கா. வீடியோ காலுக்கு ஒரு எம்பி போதும். கொஞ்சம் மங்கலா இருக்கும், ஆனா வரும். இப்போ வராததுக்குக் காரணம், அந்த ஒரு எம்பியையும் இந்த லேப்டாப்பே புடிச்சிக்கினு இருக்கு. இத நிறுத்தினா லைன் காலுக்குக் கெடைக்கும்."

"நிறுத்தினா ஏத்தினதெல்லாம் போய்டுமா?"

"போவாது. ஏறினது ஏறினதுதான். மீதி அப்படியே நிக்கும்."

லேப்டாப்பில் அவரே நிறுத்தினார். போனில் தானாக ஏற்றுவதை அவளையே அணைக்கச் சொன்னார். மோடத்தை வாசல் பக்க ஜன்னலுக்கு மாற்றி வைத்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் ஐந்தரைக்குக் கொட்டுச் சத்தம் தெருமுனையில் கேட்டது. குவைத்தில் அப்போது மூன்று மணி. அமலோற்பவம் கால் போட்டாள். சுற்றியது, சுற்றியது, வந்தது. மங்கலான, ஆனால் உடையாத மைக்கேல்ராஜ். பழக்கத்தில் அவள் விரல் ரெக்கார்டு பட்டனுக்குப் போனது. அதற்கும் லைனுக்கும் சம்பந்தமில்லை என்று இப்போது அவளுக்குத் தெரியும், எடுத்திருக்கலாம். ஆனால் இரண்டு வருஷமாக, அவர் பேசப் பேச, எடுக்கிறதா என்று அந்தச் சிவப்புப் புள்ளியைத்தான் பாதி நேரம் பார்த்திருக்கிறாள். விரலை எடுத்துக்கொண்டாள்.

தேர் வாசலில் நின்றது. உப்பும் மிளகும் போட்டாள். குனிந்து அச்சைக் காட்டினாள்.

"எடது சக்கரத்தாண்ட காட்டு... ஆங். துரு ஏறல. கிரீஸ் வச்சிருக்காங்க" என்றார், குழந்தை மாதிரி. பிறகு, "போதும். போன உன் பக்கம் திருப்பு" என்றார்.

திருப்பினாள். மெழுகுவர்த்தி வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்தது. நானூறு ரெக்கார்டிங்கிலும் ஒன்றை மட்டும் அவள் கேட்டதில்லை. கேட்டால் அவர் மனசு சங்கடப்படும், அந்தச் சங்கடமும் பதிவாகிக் கிடக்கும் என்று விழுங்கி விழுங்கி வைத்திருந்தாள். இன்றைக்கு எதுவும் பதிவாகவில்லை.

"வந்துடுங்களேன்" என்றாள். "சாப்பிட்டீங்களா, தூங்கினீங்களான்னு கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துப்போச்சி. வந்துடுங்க."

மைக்கேல்ராஜ் அசையவில்லை. மணி அடித்தார்கள், தேர் நகர்ந்து அடுத்த வீட்டுக்குப் போனது. லைன் நின்றுவிட்டதென்று நினைத்து அவள் போனை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தாள்.

லைன் நிற்கவில்லை. அவர் தோள் துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.