மூன்று வேலைகள், ஒரே டீக்கறை

வீட்டில் அவளுக்குக் கோணல் என்று பெயர். குணத்தில் ஒரு கோணலும் கிடையாது. போகிற வீட்டிலெல்லாம் சுவரில் சாய்ந்து தொங்கும் படத்தை நிமிர்த்திவிட்டுத்தான் நாற்காலியில் உட்காருவாள். அதைப் பார்த்துச் சலித்துப்போன அண்ணன் வைத்த பெயர் அது. ஒரு முறை துக்கம் விசாரிக்கப் போன இடத்திலும் இறந்தவரின் படத்தை நேராக்கினாள். அதற்குப் பிறகு அந்தப் பெயர் உடம்போடு ஒட்டிக்கொண்டது.

இப்படிப்பட்டவள் வடிவமைப்புப் படிக்காமல் வேறு எதைப் படிப்பாள்? படித்து முடித்தாள், பட்டமும் வாங்கினாள். அப்புறம்தான் தெரிந்தது, இந்தத் தொழிலில் பட்டத்தை யாரும் விரித்துக்கூடப் பார்ப்பதில்லை என்று. போர்ட்ஃபோலியோவை அனுப்பு என்பார்கள். செய்த வேலைகளில் நல்லதாக மூன்றைப் பொறுக்கி, என்ன சிக்கல், எப்படி யோசித்தாய், எதை வரைந்து எதை அடித்தாய், கடைசியில் என்ன பலன் என்று பக்கம் பக்கமாகக் காட்ட வேண்டும். பார்க்கிறவர்கள் முடிவைவிட அந்த 'எப்படி'யைத்தான் துருவுவார்கள்.

கோணலின் மூன்று வேலைகள் இவை: நண்பர்கள் இருவரோடு சேர்ந்து செய்த பேருந்து நேரப் பலகை, குழந்தைகள் புத்தகத்துக்கான எழுத்துரு, அண்ணி வேலை பார்க்கும் மருந்துக் கடைக்கு வரைந்த மாத்திரை கவர். முடிவுகள் மூன்றும் கண்ணுக்கு லட்சணமாக இருந்தன. வந்த வழிதான் அலங்கோலம். சுத்தம் பார்க்கிற பெண் அல்லவா, அந்தக் கிறுக்கல்களை முடிக்க முடிக்கக் கிழித்துப் போட்டிருந்தாள்.

அதனால் என்ன செய்தாள்? எல்லாம் முடிந்தபின், ஒரே மதியத்தில் உட்கார்ந்து மூன்றுக்கும் 'முதல் கட்ட ஓவியங்கள்' வரைந்தாள். குழந்தை பிறந்த பிறகு கல்யாணப் பத்திரிகை அடித்த கதைதான். பழையதாகத் தெரியட்டும் என்று ஒவ்வொன்றின் ஓரத்திலும் டீ டம்ளரை வைத்தெடுத்து வட்டமாகக் கறையும் பதித்தாள். படம் பிடித்துப் பக்கங்களில் வைத்ததும் அவளுக்கே நம்பத் தோன்றியது.

அதை அனுப்பிய ஆறு இடங்களில் ஒன்றிலிருந்து நேரில் வரச் சொன்னார்கள். சின்ன நிறுவனம்தான், ஆனால் கல்லூரி நாளிலிருந்து அவள் ஆசைப்பட்ட இடம். முந்தின நாள் ஞாயிறு. டிவியில் பக்கங்களை ஓடவிட்டு, அண்ணன் அண்ணி முன்னால் பேசிப் பழகினாள். அண்ணன் இரண்டாவது வேலைக்குள் தூங்கிவிட்டான். மாத்திரை கவர் வந்ததும் அண்ணி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ஏய், இதுல சேவல் எங்க?"

"எந்தச் சேவல்?"

"முதல்ல காலைக்குச் சேவல்தானே போட்ட? ராத்திரிக்கு நிலா, மத்தியானத்துக்குச் சூரியன். நான்தானே கடையில குடுத்தேன்."

"அது வேணாம் அண்ணி. அசிங்கம்."

"என்ன அசிங்கம்? மாடி வீட்டுப் பெரியவர் அதைப் பார்த்துட்டு ஒரு வாரம் கோழியே தொடலையே! டாக்டர் கறி சாப்பிடக் கூடாதுன்னு சொல்லிட்டார்னு நினைச்சுக்கிட்டாரு, பாவம். சரி, அது என்ன கடைசிப் பக்கத்துல, 'வாடிக்கையாளர்கள் மகிழ்ந்தனர்'? யாரு மகிழ்ந்தா? மருந்து வாங்க வர்றவங்க என்னைக்கு மகிழ்ந்திருக்காங்க?"

கோணலுக்குச் சுருக்கென்றது. "சேவலைக் காட்டினா வேலை குடுக்க மாட்டாங்க அண்ணி. அவங்களுக்கு நல்லா யோசிக்கிற ஆள்தான் வேணும்."

"எனக்கென்ன தெரியும், உன் தொழில்," என்று அண்ணி எழுந்து போனாள். கோபம் இல்லை. அவளுக்குக் கோபம் வந்தால் பாத்திரம் சொல்லும், அன்று பாத்திரம் அமைதியாகவே இருந்தது.

மறுநாள் கிளம்பும்போது சட்டைக் கைப் பட்டன் ஒன்று ஆடியது. தைக்க நேரமில்லை. அண்ணி ஊக்குகள் போட்டுவைத்திருந்த கவரை அப்படியே அவள் பைக்குள் திணித்தாள். "அறுந்தா குத்திக்கோ. கவரைத் திரும்பக் கொண்டு வா."

டைல்ஸ் கடைக்கு மேலே இருந்தது அந்த அலுவலகம். மூத்த வடிவமைப்பாளர் நாற்பது வயதுப் பெண்மணி. கண்ணாடியைத் தலையில் ஏற்றிவைத்துக்கொண்டு அதையே தேடுகிற ரகம். நேரப் பலகையைப் பார்த்து, "இதுல நீங்க செஞ்சது எது?" என்றார். அதற்குக் கோணலிடம் நேர்மையான பதில் இருந்தது: பலகையின் அமைப்பு தன்னுடையது, பயணிகளிடம் பேசியதும் படம் எடுத்ததும் மற்ற இருவர். அவர் தலையாட்டினார். எழுத்துருவையும் ரசித்தார். அப்புறம் தாளில் அச்செடுத்த மூன்று பக்கங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"ஒண்ணு கேக்கட்டுமா? இந்தப் பலகை ரெண்டாம் வருஷம் செஞ்சது. எழுத்துரு மூணாம் வருஷம். கவர் இந்த வருஷம். மூணுலயும் ஒரே டீக்கறை. வட்டத்துல அதே இடத்துல ஒரு உடைசல். இத்தனை வருஷமா அடி விளிம்பு உடைஞ்ச ஒரே டம்ளர்லயா டீ குடிக்கிறீங்க?"

பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும் என்பார்கள். அவள் பொருத்தம் பார்த்தது பக்க ஓரங்களுக்கு மட்டும்தான். முகம் சிவந்து, கை தானாகப் பைக்குள் போய் கைக்குட்டையைத் தேடியது. வந்தது ஊக்குக் கவர். அதன் மேல் கொண்டையை நிமிர்த்திக்கொண்டு நின்றது சேவல்.

அவள் அதையே பார்த்தாள். பிறகு ஊக்குகளை மேசையில் கொட்டிவிட்டு, கவரை அந்த மூன்று தாள்களின் மேல் வைத்தாள்.

"அந்தப் படமெல்லாம் பின்னாடி வரைஞ்சது மேடம். நிஜமா முதல்ல செஞ்சது இதுதான்."

அப்புறம் பேச்சு நிற்கவில்லை. கோழியை விட்ட பெரியவரைச் சொன்னாள். சேவலை எடுத்துவிட்டுப் பாதிச் சூரியன் போட்டதையும், 'பாதி மாத்திரைன்னு நினைச்சா என்னடி பண்றது?' என்று கவர் கடைக்குப் போகுமுன்பே அண்ணி தடுத்ததையும் சொன்னாள். கடைசியில் மலைக்கு மேல் முழுச் சூரியன், அடியில் பெரிய எழுத்தில் 'காலை', எத்தனை மாத்திரை என்று எழுத ஒரு கட்டம் என்று வந்து சேர்ந்ததைச் சொன்னாள்.

"பலன்?"

"எது காலைக்குன்னு படியிறங்கிட்டுத் திரும்பி வந்து கேக்கிறவங்களை எண்ணினோம். கடையோட பழைய வெத்துக் கவர்ல ஒரு வாரம், புதுசுல ஒரு வாரம். முன்னாடி நாளைக்கு ஒன்பது பத்துப் பேர். இப்ப ரெண்டு மூணு. முழுசா நிக்கல. அதனாலதான் எழுதல."

"அதை எழுதாம, 'மகிழ்ந்தனர்'னு எழுதினீங்களா?" அவர் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்த வேகத்தில் கண்ணாடி தலையிலிருந்து மூக்குக்கு இறங்கியது. "இன்னும் கேக்கிற அந்த ரெண்டு மூணு பேரு யாரு?"

கோணல் யோசித்தாள். "தெரியல மேடம். அவங்க தங்களுக்கே வாங்கினவங்களா, வேற ஒருத்தருக்காக வாங்க வந்தவங்களான்னு கேட்டிருக்கணும்."

அவர் அதைக் குறித்துக்கொண்டார். "டீக்கறையைத் தூக்கிட்டு, இதை வெச்சு மறுபடி அனுப்புங்க. மத்த ரெண்டுக்கு நிஜக் கிறுக்கல் இல்லைன்னா, இல்லைன்னே எழுதுங்க."

கவரைப் படம் எடுத்துக்கொண்டு அவரிடமே கொடுத்துவிட்டு, ஊக்குகளை மட்டும் அள்ளிப் பையில் போட்டுக்கொண்டு வந்தாள். மறுநாள் மருந்துக் கவரின் முதல் பக்கத்திலேயே சேவல் ஏறியது. மற்ற இரண்டிலும், 'ஆரம்ப ஓவியங்களைப் பாதுகாக்கவில்லை' என்று ஒரு வரி. எழுதும்போது கை கூசியது. எழுதியபின் நிம்மதியாக இருந்தது. அன்றிரவு நன்றாகத் தூங்கினாள்.

அடுத்த வாரம் மறுபடி கூப்பிட்டார்கள். மாலை வீடு திரும்பியவளை வாசலிலேயே அண்ணி மறித்தாள். உள்ளங்கை நிறைய ஊக்குகள்.

"கவர் எங்கடி? அன்னைக்கே கேட்டேன். எல்லாம் வீடு பூரா சிதறிக் கிடக்கு. உங்கண்ணன் கால்ல வேற குத்திக்கிட்டாரு."

"அது திரும்ப வராது அண்ணி. அவங்க சுவத்துல ஒட்டிட்டாங்க."

"யாரு சுவத்துல?"

"என் மேசைக்கு மேல."

அண்ணி ஊக்குகளைக் கீழே போட்டுவிட்டு அவளை இழுத்துக் கட்டிக்கொண்டாள். தோளில் முகம் புதைத்தபடி கேட்டாள்:

"நேரா ஒட்டியிருக்காங்களா?"

"இல்ல, கோணலா," என்றாள் கோணல். "நான் தொடலை."