கையெழுத்துப் போடாதவள்

என் சித்தி சட்டைத் தொழிற்சாலையில் பொத்தான்களுக்குக் காஜா எடுப்பவள். ஆர்டர் குறைந்ததும் மேனேஜர் எல்லோரையும் கூட்டி, "மூணு மாசத்துக்குப் பாதிச் சம்பளம். சம்மதம்னா இதுல கையெழுத்துப் போடுங்க" என்றார்.

சித்தி மட்டும் போடவில்லை. "வீட்டு ஓனர் என்கிட்ட பாதி வாடகையா வாங்கப் போறார்?" என்றாள்.

"வக்கீலம்மா சொல்லிட்டாங்கப்பா!" என்று பக்கத்து மிஷின்காரி சிரித்தாள்.

சம்பள நாளில் சித்திக்கும் பாதிதான் வந்தது. "நான் கையெழுத்துப் போடலையே, மீதியை அவங்களே தருவாங்க" என்று நம்பி, யாரிடமும் எதுவும் கேட்காமல் வேலைக்குப் போய்வந்தாள். வளையலை விற்று வாடகை கட்டினாள்.

மூன்று மாதம் முடிந்ததும் மற்றவர்களுக்கு முழுச் சம்பளம் வந்தது. சித்திக்கு மறுபடியும் பாதி.

"அவங்க பேப்பர்ல மூணு மாசம்னு இருக்கு. உங்களுக்குத்தான் பேப்பரே இல்லையேம்மா" என்றார் மேனேஜர்.

சித்தி தொழிலாளர் அலுவலகத்துக்கு ஓடினாள்.

"நீங்க ஒத்துக்காம அவங்க குறைச்சது தப்புதான்" என்றார் அதிகாரி. "ஆட்சேபணை எழுதிக் கொடுத்தீங்களா?"

"கையெழுத்தே போடலையே சார்!"

"வாய் திறக்காம வாங்கிட்டு வேலை செஞ்சிருக்கீங்க. ஒத்துக்கிட்டதாத்தான் அவங்க வாதாடுவாங்க. வழக்குப் போடலாம், ஆனா இழுக்கும். முதல்ல இன்னைக்கே ஆட்சேபணை எழுதிக் கொடுங்க."

சித்தி எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தாள். மேனேஜர் அதைப் படித்துவிட்டு, சித்தியின் காஜா மிஷினில் வேறொருத்தியை உட்கார வைத்தார்.