சொர்ணத்துக்கு ரெண்டு லைட்டு

சொர்ணத்திடம் யாராவது ‘முடியாது’ என்றால் அவள் முதலில் கேட்பது ஒன்றுதான்: “எங்க எழுதியிருக்கு, காட்டு.”

நான் மரகதம். பொம்மனஹள்ளியில் அவள் மாடியில், நான் கீழே. ஓசூர் ரோட்டில் ஒரே கார்மென்ட்ஸில் வேலை. நான் டெய்லர், அவள் செக்கர். சேர்ந்த புதிதில் ஒரு சூப்பர்வைசர், ஷிஃப்டில் ஒரு தடவைக்கு மேல் பாத்ரூம் போகக் கூடாது என்றான். நாங்கள் எல்லாம் வாயை மூடிக்கொண்டோம். சொர்ணம் மட்டும் கையிலிருந்த சட்டையை வைத்துவிட்டு எழுந்து நின்றாள். “எங்க எழுதியிருக்கு, காட்டுங்க.” எங்கேயும் எழுதியிருக்கவில்லை. அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

கல்யாணமும் அப்படித்தான் நின்றுபோனது. திருப்பத்தூரிலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள், வேலையை விட்டுவிட வேண்டும், தம்பியை எங்காவது ஹாஸ்டலில் தள்ளிவிட வேண்டும் என்றார்கள். “காபி ஆறுது, குடிச்சிட்டுக் கிளம்புங்க” என்றாள். அப்பா அம்மா போன பிறகு தம்பி ரகுராமுக்கு எல்லாமே அவள்தான். அவனை இன்ஜினியரிங் படிக்க வைத்தாள். அவனும் வைட்ஃபீல்டில் ஒரு கம்பெனியில் சேர்ந்துவிட்டான். நல்ல பையன்தான். ஆனால் நல்ல பையன்களுக்கும் சில விஷயங்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை, என்ன செய்ய?

2008இல் சிங்கப்பூர் போய் வந்த சிநேகிதன் மூலமாக, டிவியில் மாட்டி ஆடும் ‘பிளேஸ்டேஷன்-3’ மிஷின் ஒன்று வாங்கினான் ரகு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஃபுட்பால் ஆட்டம். கையில் பிடித்து ஆடும் கன்ட்ரோலர் முதலில் இரண்டுதான். ரகு, அவன் சிநேகிதர்கள் சாய்கிருஷ்ணா, கோவிந்தன், அப்புறம் சொர்ணம் என்று முறை வைத்து மாற்றி மாற்றி ஆடினார்கள். சொர்ணத்துக்கு அந்த ஆட்டம் பைத்தியமாகப் பிடித்துவிட்டது. கோல் போடுவதில் அவளுக்கு ஆசை இல்லை. எதிராளி காலிலிருந்து பந்தைப் பிடுங்க வேண்டும், அவ்வளவுதான். வாரம் முழுக்க அடுத்தவர் தைத்த சட்டையில் குறை கண்டுபிடிப்பவளுக்கு அது சுலபமாக வந்தது. வீடே அதிரச் சிரிப்பாள். கீழே எனக்குக் கேட்கும்.

பிறகு ஆபீஸ் சிநேகிதன் இன்னொருவனும் சேர்ந்துகொண்டான். ஆளுக்கொரு கன்ட்ரோலர் கொண்டுவந்து நான்கு பேரும் ஒரே நேரத்தில் ஆட ஆரம்பித்தார்கள். முறை என்பதே போய்விட்டது. சொர்ணம் தன் முறையைக் கேட்டதற்கு ரகு தன் கையிலிருந்த கன்ட்ரோலரைத் திருப்பிக் காட்டினான்.

“பாருக்கா, நாலு லைட்டுதான் இருக்கு. மொத லைட்டு எரிஞ்சா நான், ரெண்டாவது சாய். நாலு பேருக்கு மேல மிஷின் எடுக்காது. நீ வேணா ஆஃப்டைம்ல காபி போட்டுக் குடு, வந்து பாரு.”

வந்து பாரு! அவள் வாடகை கொடுக்கும் வீடு, அவள் வாங்கிய டிவி. மூன்று ஞாயிறு காபி டம்ளரும் கையுமாக நின்றாள். நான்காவது ஞாயிறு என் வீட்டுக்கு இறங்கி வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, “வயிறு எரியுதுடி மரகதம்” என்றாள். அவள் வாயிலிருந்து அந்த மாதிரி வார்த்தை வந்து நான் கேட்டதே இல்லை. எனக்கு ரகுவை நாலு அறை விடலாம் போலிருந்தது.

“நாலு லைட்டுன்னா நாலு பேருன்னு எங்க எழுதியிருக்காம்?” என்றேன்.

நிமிர்ந்து பார்த்தாள். அடுத்த ஞாயிறு காலை இரண்டு பேரும் சிவாஜிநகர் பஸ்ஸில் இருந்தோம். அவள் பையில் அந்த ஃபுட்பால் ஆட்டத்தின் டப்பா இருந்தது.

எலெக்ட்ரானிக்ஸ் கடையில் இருந்த பாய் எங்கள் இருவரையும் மேலும் கீழும் பார்த்தார். “பையனுக்காம்மா?”

“எனக்கு. இந்த மிஷின்ல ஒரே நேரத்துல எத்தனை ரிமோட்டு ஓடும்?”

“நாலு லைட்டு, நாலு ரிமோட்டு. அவ்ளோதான்மா.”

“எங்க எழுதியிருக்கு, காட்டுங்க.”

வந்துவிட்டதா? பாய் சலித்துக்கொண்டே, வருபவர்களுக்குக் காட்டப் பிரித்து வைத்திருந்த மிஷினின் புத்தகத்தை எடுத்தார். விரலை வைத்து வரி வரியாகப் பார்த்தவர் ஓரிடத்தில் நின்றுவிட்டார். “அரே, ஏழுன்னு போட்டிருக்கான்! அஞ்சாவது ரிமோட்டுக்கு நாலாம் லைட்டும் ஒண்ணாம் லைட்டும் சேர்ந்து எரியுமாம். ஆறாவதுக்கு நாலும் ரெண்டும். கூட்டிப் பாத்துக்கணும்.” பிறகு வியாபாரி புத்தி விழித்துக்கொண்டது. “ஆனா மிஷின் எடுத்தா மட்டும் போதாதும்மா, ஆட்டமும் எடுக்கணும். சில ஆட்டத்துல ரெண்டே பேருதான்.”

சொர்ணம் டப்பாவைப் பையிலிருந்து எடுத்து, பின்பக்கத்தைத் திருப்பி அவர் முன்னால் வைத்தாள். ஒன்றிலிருந்து ஏழு பேர் என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

“ரெண்டு ரிமோட்டு குடுங்க” என்றாள்.

“ரெண்டா? யாருக்குடி இன்னொண்ணு?” என்றேன்.

“உனக்குத்தான். நீ என்ன, டம்ளர் கழுவவா வரப்போறே?”

பாய் பில் போடும்போது ஏதோ சொல்ல வந்தார். “புதுசும்மா, மொத தடவை வயர் போட்டு...” சொர்ணம் கேட்டால்தானே! நாலு என்று அடித்துச் சொன்ன மனுஷன் இனி என்ன சொன்னாலும் அவளுக்குக் காதில் ஏறாது. அவள் பிடிவாதத்தில் எனக்குப் பிடிக்காதது இது ஒன்றுதான்.

சாயங்காலம் நாங்கள் மாடி ஏறியபோது நான்கு பேரும் ஆடிக்கொண்டிருந்தார்கள். சொர்ணம் போய் அவர்கள் நடுவில் உட்கார்ந்தாள். புது கன்ட்ரோலரின் நடு பட்டனை அழுத்தினாள். நாலு லைட்டும் மினுமினுவென்று மினுக்கிவிட்டு அணைந்துபோயின. மறுபடி அழுத்தினாள். மறுபடியும் அணைந்தன.

“நாந்தான் சொன்னேனேக்கா!” ரகு தொடையில் தட்டிச் சிரித்தான். “காசைக் கொண்டுபோய்த் தண்டமாக் கொட்டிட்டியே.”

“விடுங்கக்கா, எங்க யாருக்காவது ஒண்ணு கெட்டுப்போனா ஆகும்” என்றான் சாய்கிருஷ்ணா. பெரிய தர்மப்பிரபு!

சொர்ணத்தின் காது மடல் சிவந்துவிட்டது. எழுந்து போய்விடுவாளோ என்று எனக்குப் பக்கென்றது. அப்போதுதான் நினைவு வந்தது. “ஏய், அந்த பாய் வயர்னு ஏதோ சொன்னாரே. நீதான் சொல்ல விடலை.”

முறைத்தாள். ஆனால் டிவி அடியில் கிடந்த வயரை எடுத்தாள். ஒரு முனையை மிஷினில், மறுமுனையைக் கன்ட்ரோலரில் செருகி, நடு பட்டனை அழுத்தினாள். லைட்டுகள் மினுக்கின. பிறகு நின்று எரிந்தன: ஒரு கோடியில் ஒன்று, மறு கோடியில் ஒன்று. நாலும் ஒன்றும். வயரைப் பிடுங்கினாள். அணையவில்லை.

என்னுடையதையும் அதே மாதிரி செருகி எடுத்தாள். ரகு மெதுவாக ஆட்டத்தை நிறுத்தி, அணி பிரிக்கும் இடத்துக்குப் போனான். டிவியில் ஆறு கன்ட்ரோலர் படம் வரிசையாக நின்றது.

“அக்கா, எங்க பக்கம் வாங்க” என்றான் கோவிந்தன், வெட்கமே இல்லாமல்.

“நான் ரகுவுக்கு எதிர் பக்கம்” என்றாள் சொர்ணம்.

மூன்றுக்கு மூன்று. எனக்கு எந்த பட்டன் எதற்கு என்றே தெரியவில்லை. என் ஆள் கோட்டை ஒட்டி ஓடிக்கொண்டே இருந்தான். சொர்ணமோ தம்பியை மூச்சுவிட விடவில்லை. அவன் ஆள் பந்தைத் தொட்டதும் பறித்துக்கொண்டு போனாள். வாரக்கணக்கில் அடக்கி வைத்திருந்த சிரிப்பு அன்றைக்குத்தான் வெளியே வந்தது. ஆஃப்டைம் விசில் ஊதியபோது ரகுவுக்கு வியர்த்திருந்தது.

“அக்கா, காபி...” என்று பழக்கதோஷத்தில் ஆரம்பித்துவிட்டான்.

“உன் கையில எத்தனை லைட்டுடா எரியுது?”

குனிந்து பார்த்தான். “ஒண்ணு.”

“எனக்கு ரெண்டு. ஒத்த லைட்டு போய்ப் பால் வை.”

“ஆட்டம்?”

“நீ நிதானமா போட்டுட்டு வா” என்றாள் சொர்ணம், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல். “நாங்க அஞ்சு பேரு ஆடிக்கிறோம்.”