பன்னிரண்டு வீடுகளுக்கு ஒரு நோட்டீஸ்

தொண்ணூறுகளில் ராஜபாளையத்தில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்துக்கு என்னைச் செயலாளராக்கினார்கள். மில் டைம் ஆபீசில் ஷிப்ட் பட்டியல் எழுதுகிறவன் என்பதுதான் என் ஒரே தகுதி. அங்கே மூன்று ஷிப்டையும் எல்லாரும் முறைவைத்துத்தான் பார்க்க வேண்டும். முதலாளியின் உறவுக்காரனுக்குக்கூடப் பட்டியலில் நான் இரக்கம் காட்டியதில்லை.

பன்னிரண்டு வீடுகள். ஏழில் சொந்தக்காரர்களே இருந்தோம், ஐந்தில் வாடகைக்காரர்கள். கட்டடத்துக்கு அடியில் நிழலாக எட்டு வண்டிகள் நிறுத்தலாம், வெளியே மதிலோரம் வெயிலில் நான்கு. நிழல் எங்களுக்கும் எப்போதாவது வரும் வெளியூர்ச் சொந்தக்காரர்களுக்கும், வெயில் வாடகைக்காரர்களுக்கு என்பது எழுதாத சட்டம். போட்டது யார் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. மாடிப்படியை ஒட்டிய முதல் இடம் என்னுடையது. அதில் எனக்குக் கொஞ்சம் திமிர்கூட உண்டு.

இரண்டாம் மாடியில் வாடகைக்கு இருந்த பெண் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு அலுவலகத்தில் டைப்பிஸ்ட். இளம்பிள்ளைவாதத்தில் ஒரு கால் சூம்பியிருந்தது. பக்கச் சக்கரங்கள் வைத்த ஸ்கூட்டரில் போய் வருவாள். மதிலோரம் நிறுத்திவிட்டு ஜல்லியும் பள்ளமுமான வழியில் படி வரை நடக்க வேண்டும். ஒரு மழையில் வழுக்கி விழுந்தாள். வேறு வீடு பார்ப்பதாக அவள் அம்மா என் மனைவியிடம் சொன்னார். நல்ல மனிதர்கள் ஒரு வண்டி நிறுத்தும் இடத்துக்காகக் காலி செய்வதா என்று எனக்குக் கோபம் வந்தது.

எல்லாருடைய கிரயப் பத்திரத்தையும் வாங்கிப் படித்தேன். மனையில் பிரிபடாத பாகம், பொது இடங்களில் எல்லாருக்கும் அனுபோகம், அவ்வளவுதான். என் பத்திரம் உட்பட எதிலும் வண்டி நிறுத்த இன்ன இடம் என்று ஒரு வரி இல்லை. உட்கார்ந்து நோட்டீஸ் எழுதினேன். வீட்டுக்கு ஓரிடம். குடியிருப்பவருக்கே அந்த இடம். வீட்டை வாடகைக்கு விட்டவர் இடத்தைத் தனக்கென்று பிடித்துவைக்கக் கூடாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரிசைப்படி இடம் மாறும். விருந்தாளி வண்டி ரோட்டில். ஆட்சேபனைக்குப் பதினைந்து நாள். வெளியூர்ச் சொந்தக்காரர்களுக்குத் தபாலில் நகல்.

வாசலில் இருந்த அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டு மார்தட்டிக்கொண்டேன். அன்று சாயங்காலமே அந்தப் பெண் வந்தாள்.

"அண்ணே, முறை வரும்போது நானும் மதிலோரத்துக்குத்தான போகணும்?"

"எல்லாருக்கும் ஒரே சட்டம்மா."

"எல்லாருக்கும் ஒரே காலு இல்லையேண்ணே."

எனக்குச் சுருக்கென்றது. மில் பட்டியலை அப்படியே காப்பியடித்துவிட்டு அதற்கு நியாயம் என்று பேர் வைத்திருந்தேன். நோட்டீசைக் கிழித்து மறுபடி எழுதினேன்: படியோரத்து இடம் நடக்கச் சிரமப்படுபவருக்கு நிரந்தரம், மற்றப் பதினொன்றும் முறைவைத்து. புதிதாக ஒட்டி, தபாலிலும் அனுப்பி, மறுபடி பதினைந்து நாள் விட்டேன்.

கெடு முடிந்து சங்கக் கூட்டம் கூடியது. அதில் வாடகைக்காரர்கள் பேசலாம், ஓட்டு சொந்தக்காரர்களுக்குத்தான். ஓர் உரிமையாளர் எகிறினார். "வாடகைக்கு வந்தவுகளும் நாமளும் ஒண்ணா?"

"பத்திரத்தைக் கொண்டாரும், எந்த இடம் உம்மதுன்னு காட்டும்," என்றேன். "என் இடத்தத்தான் முதல்ல குடுத்திருக்கேன்."

ஏழு பேரில் ஐந்து கைகள் உயர்ந்தன. தபால் போனவர்களிடமிருந்து பதிலே இல்லை. அடுத்த திங்கள் முதல் என் வண்டி மதிலோர வெயிலில் காய்ந்தது. சீட் சுடுகிறது என்று என் மனைவி முணுமுணுத்தாள். எனக்கு அதில் பெருமைதான்.

தீபாவளிக்கு முந்தைய நாள் அந்தப் பெண் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் மதுரையிலிருந்து புதுக் காரில் வந்தார். அவள் அப்போதுதான் ஸ்கூட்டரை நிறுத்தியிருந்தாள். நான் மதிலோரம் வண்டி துடைத்துக்கொண்டிருந்தேன்.

"ஏம்மா, வண்டியச் செத்த நகட்டு. கார உள்ள விடணும்."

அவள் முகம் வெளுத்தது. வீட்டைக் காலி செய் என்று சொல்லக்கூடியவர் அவர். நான் துணியை வைத்துவிட்டுப் பக்கத்தில் போவதற்குள் அவளே பேசினாள்.

"சார், இது குடியிருக்கவங்களுக்கு உள்ள இடம். ஒங்களுக்கும் நோட்டீஸ் வந்திருக்கும். ரோட்டுல நிறுத்திக்கோங்க."

அவர் என்னைப் பார்த்தார்.

"படிக்கலன்னா பலகையில இருக்கு, வாசிச்சுக்கிடுங்க," என்றேன்.

அவள் ஸ்கூட்டரைப் பூட்டி, சாவியைக் கைப்பைக்குள் போட்டாள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, அவசரப்படாமல் ஒவ்வொரு படியாக ஏறினாள். கார் பின்வாங்கி ரோட்டுக்குப் போனது.