வட்டத்துக்குள் அடங்காத நாண்

எங்கள் திரையில் இரண்டு பொத்தான்கள் உண்டு. பச்சை நிறத்தில் ‘விடை அனுப்பு’. சாம்பல் நிறத்தில் ‘திருப்பி அனுப்பு’. பச்சையை அமுக்கினால் நம் பெயரில் ஒரு கேள்வி முடித்த கணக்கில் ஏறும். சாம்பலை அமுக்கினால் ஏறாது. மாதக் கடைசி மதிப்பீட்டில் கொஞ்சம் இறங்கவும் செய்யும். வேலையில் சேர்ந்த முதல் நாளே இதை விளக்கிவிட்டார்கள். சாம்பல் பொத்தான் சும்மா ஒப்புக்கு வைத்திருப்பது, அதன் பக்கம் போகாதீர்கள் என்ற தோரணையில் சொன்னார்கள். என்னிடம் யாராவது ஒன்றைத் தொடாதே என்றால் என் கை அங்கேதான் போகும்.

அலுவலகம் அம்பத்தூர் எஸ்டேட்டில், ஒரு பட்டறைக்கு மேல்மாடியில். பள்ளிப் பிள்ளைகள் புரியாத கேள்வியைக் கைபேசியில் படம் எடுத்து அனுப்புவார்கள். எங்களில் ஒருவர் அதை எடுத்துப் படிப்படியாகப் போட்டு அனுப்ப வேண்டும். நான் கணக்குப் பிரிவு. அதற்கு முன் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தேன். அங்கே நிர்வாகியிடம் வாயைக் கொடுத்து வேலையை விட்டதால் காட்டுப்பாக்கத்திலிருந்து தினமும் பஸ் மாறி இங்கே வந்துகொண்டிருந்தேன். தற்காலிக வேலைதான். நிரந்தரமாக்குவதா, அனுப்பிவிடுவதா என்பது அந்த மாத மதிப்பீட்டில் முடிவாக இருந்தது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இரு என்று வீட்டில் சொல்லித்தான் அனுப்பினார்கள்.

பிள்ளைகள் அனுப்பும் படங்களைப் பார்த்தால் சிரிப்பு வரும். கேள்வியின் பாதி மேல் கட்டைவிரல் இருக்கும். மின்விசிறியின் நிழல் விழுந்திருக்கும். ‘மேற்கண்ட படத்தில்’ என்று தொடங்கும் கேள்வியில் படம் முந்தின பக்கத்தில் மாட்டிக்கொண்டிருக்கும். இதற்கெல்லாம் ‘படம் தெளிவாக இல்லை’ என்று ஒரு வரி தயாராக வைத்திருக்கிறார்கள். அந்த வரியால் யாருக்கும் பிரயோசனம் இல்லை. பிள்ளை அதே படத்தையே மறுபடி அனுப்பும். நான் எது வேண்டும் என்று குறிப்பாகக் கேட்பேன். இரண்டாவது வரியில் ‘உயரம்’ என்ற சொல்லுக்குப் பின்னால் உள்ள எண் உன் விரலுக்கு அடியில் இருக்கிறது, விரலை எடுத்துவிட்டு அனுப்பு. முந்தின பக்கத்துப் படத்தையும் சேர்த்து அனுப்பு. இப்படி எழுதினால் பெரும்பாலும் உடனே சரியாக வந்துவிடும்.

மற்றவர்கள் அப்படிச் செய்வதில்லை. எங்கள் மாடியில் அதற்கு ஒரு பெயரே உண்டு: ஒப்பேத்துறது. எண் தெரியவில்லையா, விடைகள் நான்கும் கீழே இருக்கின்றன அல்லவா, எது அழகாக வருகிறதோ அதைப் பிடித்துக்கொண்டு பின்னாலிருந்து வந்து அந்த எண்ணைக் கண்டுபிடித்து, கேள்வியிலேயே அது இருந்ததுபோல எழுதிவிடுவது. பிள்ளைக்குச் சந்தோஷம், நமக்கு ஒரு கேள்வி ஏறும். இதைப் புதியவர்களுக்குப் பயிற்சி என்ற பெயரில் சொல்லியும் கொடுத்தார்கள். எனக்கு அன்றைக்கே பற்றிக்கொண்டு வந்தது.

ஒரு நாள் மத்தியானம் அந்தக் கேள்வி வந்தது. ஒன்பதாம் வகுப்புப் பெண். படம் கண்ணாடி மாதிரி இருந்தது. விரலும் இல்லை, நிழலும் இல்லை. ஐந்து செ.மீ. ஆரமுள்ள வட்டத்தில் பன்னிரண்டு செ.மீ. நீளமுள்ள நாண், மையத்திலிருந்து எவ்வளவு தொலைவில் இருக்கிறது? விடைகள்: மூன்று, நான்கு, ஏழு, எட்டு.

வட்டத்தின் ஒரு விளிம்பிலிருந்து இன்னொரு விளிம்புக்குப் போடும் கோடுதான் நாண். அதிலேயே நீளமானது மையத்தின் வழியாகப் போகும் விட்டம். ஆரம் ஐந்து என்றால் விட்டம் பத்து. பத்தைத் தாண்டி எந்த நாணும் அந்த வட்டத்துக்குள் அடங்காது. பன்னிரண்டுக்கு எங்கே போவது?

நான் தப்பாகப் படிக்கிறேனோ என்று பெரிதாக்கிப் பார்த்தேன். எண்கள் பளிச்சென்று இருந்தன. ஆக, கோளாறு படத்தில் இல்லை, அச்சில். சரி, எந்த எண் தப்பு என்றாவது தெரியுமா என்று போட்டுப் பார்த்தேன். நாண் எட்டு என்று வைத்தால் விடை மூன்று. நாண் ஆறு என்றால் நான்கு. நாணை விட்டுவிட்டு ஆரத்தைப் பத்து என்றாக்கினால் எட்டு. மூன்றுமே விடைகளில் இருந்தன. புத்தகம் எழுதியவர் எதை நினைத்தார் என்று அவரைக் கேட்டால்தான் உண்டு.

இதை அப்படியே எழுதினேன். இந்தக் கேள்வியில் அச்சுப்பிழை இருக்கிறது. இன்ன காரணத்தால் இப்படி ஒரு நாண் இருக்க முடியாது. எந்த எண்ணை மாற்றுகிறோமோ அதற்கேற்ப விடையும் மாறும், இதோ மூன்று வழிகள். எது சரி என்று நானாக முடிவு செய்ய மாட்டேன். வேறு பதிப்பு கிடைத்தால் ஒப்பிட்டுப் பார், உன் ஆசிரியரிடம் காட்டு. எழுதிவிட்டுச் சாம்பல் பொத்தானை அமுக்கினேன்.

கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண் ஒற்றை நட்சத்திரம் கொடுத்தாள். கூடவே ‘வேஸ்ட்’ என்று ஒரு சொல். மனசு சுருக்கென்றது, பொய் சொல்லவில்லை.

நட்சத்திரம் விழுந்த கையோடு எங்கள் டீம் லீடர் வந்து நின்றான். என்னைவிடச் சின்னவன், கரையான்சாவடிக்காரன். டீக்கடையில் அக்கா என்பான், மாடிக்கு வந்தால் மேடம் ஆகிவிடுவேன். குழுவின் மதிப்பீடு இறங்கினால் அவனுடையதும் இறங்கும். அதனால் அவனை முழுக்கக் குற்றம் சொல்லவும் முடியாது.

“இன்னா மேடம், கேள்வி கிளியராத்தானே கீது? எதுக்குத் திருப்பினீங்க?” என்றான்.

வட்டத்தை வரைந்து காட்டினேன். அவனுக்கு உடனே புரிந்துவிட்டது. அவனும் கணக்குப் படித்தவன்தான். ஆனால் ஏற்றுக்கொள்ளவில்லை. என் திரையிலேயே தேடி, இதே கேள்வி ஏற்கெனவே நான்கு பிள்ளைகளிடமிருந்து வந்திருப்பதைக் காட்டினான். நான்கு பேருக்கும் எங்கள் ஆட்கள் விடை அனுப்பியிருந்தார்கள். இரண்டு பேருக்கு மூன்று, ஒருவருக்கு நான்கு, ஒருவருக்கு எட்டு. எல்லாவற்றுக்கும் பிதாகரஸ் தேற்றம் போட்டு, படமும் வரைந்து, அத்தனை நம்பிக்கையாக எழுதியிருந்தார்கள். கேள்வியில் இருந்த எண்ணை மாற்றியதற்கான அடையாளமே எதிலும் இல்லை. ஒரே மாடியில் உட்கார்ந்துகொண்டு ஒரே கேள்விக்கு மூன்று விடை அனுப்பியிருக்கிறோம். அதை அவன் எனக்கு ஆதாரமாகக் காட்டுகிறான்.

மூன்றுதான் அதிகம் போயிருக்கிறது, அதையே அனுப்பிவிடுங்கள் என்றான். முதலில் அந்த நான்கு பிள்ளைகளுக்கும் தப்பு நடந்துவிட்டது என்று எழுதுங்கள் என்றேன் நான். அதற்கு வழி கிடையாதாம், கம்பெனி பெயர் கெட்டுப்போகுமாம். நான் அசையவில்லை. அவன் தலையை ஆட்டிக்கொண்டே போய்விட்டான்.

சில நாள் கழித்து அதே பெண்ணிடமிருந்து இன்னொரு படம், என் பெயருக்கே. பள்ளித் தேர்வுத் தாள். அவளுடைய ஆசிரியர் அதே புத்தகத்திலிருந்து அதே கேள்வியை எடுத்துத் தேர்வில் கொடுத்திருக்கிறார். புத்தகத்தின் பின்பக்கத்து விடைப்படி நான்கு என்று எழுதியவர்களுக்கு மதிப்பெண். அவளுடைய தாளில் விடைக்கான இடத்தில் ‘இப்படி ஒரு நாண் இருக்க முடியாது’ என்று எழுதியிருந்தது. பக்கத்தில் சிவப்பில் ஒரு சுழியம். படத்துக்குக் கீழே அவள் எழுதியிருந்தாள்: “மிஸ், நீங்க சொன்னதை நம்பித்தான் எழுதினேன். கிளாஸே சிரிக்குது. நான் எழுதுனது தப்பா?”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒற்றை நட்சத்திரம் போட்ட பெண்தான். ஆனால் என் வார்த்தையை நம்பி வகுப்பின் சிரிப்புக்கு ஆளானவள் அவள் ஒருத்திதான்.

டீம் லீடர் என் முதுகுக்குப் பின்னாலேயே நின்றிருந்தான். இந்த முறை குரலைத் தாழ்த்திப் பேசினான். “அக்கா, சொல்றதைக் கேளு. நாலுன்னு மாத்திப் போட்டு, ஸாரின்னு ஒரு வார்த்தை எழுதிடு. வாத்தியாரே நாலுன்னு சொல்லிட்டாரு. நாளைக்கு உன் ரிவ்யூ கீது. இதுக்கா வேலைய உட்டுக்கினு போவப் போற?”

மாடியில் வைத்து அவன் என்னை அக்கா என்றது அதுதான் முதல் தடவை. அவன் நல்லதுக்குத்தான் சொல்கிறான் என்று தெரிந்தது. தெரிந்ததும் கோபம் கூடிற்று. பின்பக்கத்தில் நான்கு என்று அச்சாகியிருந்தால் முன்பக்கத்துப் பன்னிரண்டு ஆறாகிவிடுமா? விடைப் பக்கமும் அதே அச்சகத்தில்தானே அடித்தது?

“வேலை போனா போவட்டும் தம்பி. அந்தப் பொண்ணு சரியா எழுதிருக்கா. அவளைத் தப்புன்னு சொல்ல என் கை வராது” என்றேன்.

பிறகு அவளுக்கு எழுதினேன். நீ எழுதியது முழுக்கச் சரி. யாரையும் எதிர்த்துப் பேச வேண்டாம். ஒரு காம்பஸும் ஸ்கேலும் எடுத்துக்கொள். ஐந்து செ.மீ. ஆரத்தில் வட்டம் போடு. அதன் மேல் பன்னிரண்டு செ.மீ. கோட்டை, இரண்டு முனையும் வட்டத்தின் மேலேயே இருக்கும்படி எங்கே வைக்க முடிகிறது என்று பார். பிறகு ஆசிரியரிடம் கொண்டுபோய், இதை எங்கே வைப்பது சார் என்று கேள். ‘நான் எழுதுனது தப்பா’ என்று அவள் கேட்ட கேள்வியில் எந்தத் தகவலும் குறையவில்லை, விடை எனக்கு நிச்சயமாகத் தெரியும். அதனால் பச்சைப் பொத்தானை அமுக்கினேன்.

மறுநாள் மதிப்பீட்டுக்கு மேலதிகாரிகள் கண்ணாடி அறையில் கூப்பிட்டு வைத்து, திருப்பி அனுப்பியவை அதிகம், பள்ளி ஆசிரியரின் திருத்தத்துக்கு எதிராக எழுதியது வேறு என்று வாசித்தார்கள். நான் எதையும் மறுக்கவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. அந்த நான்கு பிள்ளைகளுக்கு எப்போது எழுதுவீர்கள் என்று மட்டும் கேட்டேன். அடுத்த தாளைப் புரட்டினார்கள். நிரந்தரம் தள்ளிப்போயிற்று, துரத்தவும் இல்லை. கணக்குக்கு ஆள் கிடைப்பது கஷ்டம் என்று பிறகு தெரிந்தது. இன்றைக்கும் ஒவ்வொரு கூட்டத்திலும் அந்த நான்கு பேரைப் பற்றிக் கேட்கிறேன். நான் வாயைத் திறந்தாலே எல்லோரும் கைபேசியை எடுத்துக்கொள்கிறார்கள்.

அந்த வாரக் கடைசியில் அவளிடமிருந்து ஒரு படம் வந்தது. கோடு போட்ட தாளில் ஒரு வட்டம். மையத்தின் வழியாக ஒரு நேர்கோடு. இரண்டு பக்கமும் சரியாக ஒவ்வொரு சென்டிமீட்டர் வட்டத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கீழே எழுதியிருந்தாள்: “மிஸ், மார்க் போடல. முன்னாடி போட்ட மார்க்க நோட்ல ஏத்தியாச்சாம். ஆனா சார் ரொம்ப நேரம் ஸ்கேல வச்சு வச்சுப் பாத்தாரு. அப்புறம் அவரு புக்குல அந்தக் கேள்விய அடிச்சிட்டாரு.”

அடுத்த வருடம் அந்த வகுப்புக்கு வரும் பிள்ளைகளுக்கு அந்தக் கேள்வி கிடையாது. அந்த மாதம் அவளுக்கும் மதிப்பெண் குறைவு, எனக்கும் மதிப்பெண் குறைவு. அவள் கொடுத்த ஒற்றை நட்சத்திரம் இன்னும் என் பெயரில் அப்படியே இருக்கிறது. மாற்ற முயற்சி செய்தாளாம், அதற்கும் வழி இல்லையாம்.