இடது கண்ணை மூடச் சொன்ன கடிதம்

எங்கள் இரண்டாம் வகுப்பு சார் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் இருக்கிறது. அவர் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. நல்ல மனுஷர், ஒரு பிள்ளையையும் பிரம்பால் தொட்டதில்லை என்று சொல்கிறவர்கள் உண்டு. நானும் மறுக்கவில்லை. நல்ல மனுஷர் செய்த காரியம் என்பதால்தான் கோபம் ஆறாமல் கிடக்கிறது.

திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாகச் சேர்ந்திருந்த காலம். அப்பாவுக்கு அதன் தலைநகரில், சாலைக் கடைத்தெருவில் கணக்கெழுதும் வேலை. வீடு பழவங்காடிக்குப் பின்னால் ஒரு சந்தில். எனக்கு வலது கண் மூக்கைப் பார்த்துத் திரும்பியிருக்கும். தெருப் பிள்ளைகள் மலையாளத்தில் கோங்கண்ணி என்பார்கள். நாகர்கோவிலிலிருந்து வரும் அத்தைமார், லேசான மாறுகண் அதிர்ஷ்டம், தொடாதே என்பார்கள். அந்த அதிர்ஷ்டத்தை அவர்கள் யாரும் தங்கள் பிள்ளைக்குக் கேட்டதாகத் தெரியவில்லை. அம்மா யார் பேச்சையும் காதில் வாங்காமல், ஏழு வயதில் என்னைக் கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

மூக்கில் மருந்துத் துணியை வைத்து மயங்க வைத்தார்கள். கண்ணை உள்பக்கம் இழுத்துக்கொண்டிருந்த தசையைக் கழற்றிச் சற்றுப் பின்னால் தள்ளித் தைத்தார்களாம். விழித்தபோது இரண்டு கண்ணிலும் கட்டு. கட்டைப் பிய்த்துவிடக் கூடாது என்று என் கைகளையும் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். கட்டவிழ்த்த நாளில் என் கண் நேராக இருந்தது. அம்மா அழுதாள்.

பெரிய டாக்டர் அவளை அழவிடவில்லை. நேரானது கண்தான், பார்வை இல்லை என்றார். திரும்பியிருந்த கண்ணை இத்தனை நாள் மூளை ஒதுக்கிவைத்துவிட்டது. நல்ல கண்ணே எல்லா வேலையையும் பார்த்ததால், வலது கண் பார்க்கப் படிக்கவே இல்லை. இனி நல்ல கண்ணை விடிந்ததிலிருந்து பொழுது சாயும் வரை மூடிவைக்க வேண்டும். வேறு வழியில்லை என்று தெரிந்தால்தான் மற்றது உழைக்கும். இந்த வயதில் செய்தால் உண்டு, இன்னும் ஓரிரு வருஷம் போனால் எதுவும் பலிக்காது என்றார்.

அம்மா பஞ்சு வைத்துக் கறுப்புத் துணியில் ஒரு மூடி தைத்து நாடா கோர்த்தாள். பிறகு உட்கார்ந்து சாருக்குக் கடிதம் எழுதினாள். அவள் எட்டாவது வரை படித்தவள். மூன்று தாள் வீணாக்கி நாலாவதில் எழுதிய கடிதத்தை நான் பின்னாளில் பலமுறை வாசித்திருக்கிறேன். அறுவை நடந்தது வலது கண்ணில், மூட வேண்டியது இடது கண்ணை என்று எழுதி, இரண்டு சொல்லுக்கும் அடிக்கோடு போட்டிருந்தாள். முதல் பெஞ்சில் இடது ஓரத்தில் உட்கார வைக்க வேண்டும், அப்போதுதான் போர்டும் சாரும் திறந்த கண்ணின் பக்கம் வருவார்கள். வெளிச்சத்தில் கண் கூசும், ஜன்னலுக்கு எதிரே வேண்டாம். போர்டில் எழுதுவது உடனே தெரியாது, பக்கத்துப் பிள்ளை வாசித்துக் காட்டினால் எழுதிக்கொள்வாள், பிந்தினால் கோபிக்க வேண்டாம். ஒரு மாதம் டிரில்லுக்கு விட வேண்டாம். கண்ணைக் கசக்கினால் தடுக்க வேண்டும். அவள் அழுது கேட்டாலும் மூடியை அவிழ்க்கக் கூடாது.

பள்ளிக்கூடத்துக்கு அம்மாவின் கையெழுத்து செல்லாது. ரிஜிஸ்தரில் யார் பெயர் உண்டோ அவர்தான் போட வேண்டும். அப்பா கடைக்குக் கிளம்பும் அவசரத்தில், வாசிக்காமல், செருப்பில் கால் நுழைத்தபடியே கீழே கையெழுத்திட்டார்.

சார் கடிதத்தை நின்றுகொண்டே வாசித்தார். என்னை முதல் பெஞ்சின் இடது ஓரத்தில் உட்கார வைத்தார். அன்று எனக்குப் போர்டு ஒரு கறுப்புச் சுவர், அதில் வெள்ளையாய் ஏதோ ஊர்ந்தது. சிலேட்டில் என் எழுத்தே எனக்குத் தெரியவில்லை. மத்தியானத்துக்குள் அழ ஆரம்பித்தேன். சார் அருகில் வந்து என் முகத்தைத் திருப்பிப் பார்த்தார். இன்னும் சிவந்திருந்த வலது கண் திறந்திருந்தது. நோயில்லாத இடது கண் மூடியிருந்தது. அவருக்கு அது பொறுக்கவில்லை. கடிதம் எழுதின அம்மா, பெண்பிள்ளை, பதற்றத்தில் வலது இடதை மாற்றி எழுதிவிட்டாள், அப்பாவும் பாராமல் கையெழுத்துப் போட்டுவிட்டார் என்று முடிவு செய்துகொண்டார். அப்பா விஷயத்தில் அவர் நினைத்தது சரிதான், அதுதான் என் வயிற்றெரிச்சல்.

மூடியை அவிழ்த்து வலது கண்ணில் கட்டினார். கண் மாறியதால் இடமும் மாற வேண்டும் அல்லவா? என்னைப் பெஞ்சின் வலது ஓரத்துக்கு நகர்த்தினார். அம்மா கேட்டது அத்தனையும் ஒன்று விடாமல் செய்தார், தலைகீழாக. எனக்கு எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. கடைசி மணிக்கு முன் மூடியைப் பழையபடி இடது கண்ணில் கட்டிவிட்டு, "வீட்டில சொல்லண்டாம் மக்கா, அம்மைக்கு மனசு கஷ்டப்படும்" என்றார்.

மூன்று மாதம் இப்படியே நடந்தது. சாயங்காலம் அம்மா மூடியை அவிழ்த்து இடது கண்ணைத் துடைத்துவிட்டு, பகல் பூரா இருட்டில் இருந்தாயா என்று கேட்பாள். நான் தலையாட்டுவேன்.

பிறகு டாக்டர் சோதித்தார். வலது கண் அட்டையில் பெரிய எழுத்தைத் தாண்டி ஒன்றும் படிக்கவில்லை. அவர் அட்டையை மேஜையில் போட்டார். பிள்ளை அழுதால் அம்மாமார் அவிழ்த்துவிடுவது அவருக்குப் பழக்கமான கதை. ஒரு நாள்கூட அவிழ்க்கவில்லை என்று அம்மா சத்தியம் செய்தாள். அப்பா அவளைப் பார்த்து, "பொய் சொல்லாத. பிள்ள அழுதா உனக்குத் தாங்காது, எனக்குத் தெரியாதா" என்றார். அத்தனை பேர் முன்னால். நான் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்குத் தெரியும். நான் வாய் திறக்கவில்லை.

மறுநாள் அம்மா பள்ளிக்கு வந்தாள். பகலில் மூடி அவிழவில்லை என்று சார் ஒரு வரி எழுதித் தந்தால் அப்பாவிடம் காட்டலாம் என்று வந்தவள், வகுப்பு வாசலிலேயே நின்றுவிட்டாள். நான் பெஞ்சின் வலது ஓரத்தில், வலது கண் மூடி உட்கார்ந்திருந்தேன்.

"லெட்டர வாசிச்சியளா சார்?" என்று கேட்டாள். குரல் உயரவில்லை.

"வாசிச்சேன். வெட்டித் தைச்ச கண்ணுக்கல்லவா ரெஸ்டு வேணும்? மாறி எழுதிட்டியன்னு நெனச்சேன். பிள்ளைக்க நன்மைக்குத்தான்."

"நான் உங்ககிட்ட கேட்டது இடம் சார். வைத்தியம் கேக்கல்ல."

அவர் மேஜையைத் திறந்து கடிதத்தை எடுத்துத் தந்தார். அம்மா அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, மூடியை இடது கண்ணில் கட்டி, என்னை அழைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

அதன்பின் ஒன்றரை வருஷம் விடாமல் கட்டினாள். அட்டையில் இன்னும் இரண்டு வரி வந்தது, அதோடு நின்றது. அந்த மூன்று மாதம் கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியவில்லை. அப்பா, போனது போகட்டும் என்றார். ஆஸ்பத்திரியில் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. அந்தக் கோபமும் என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

பள்ளியிலிருந்து என்னை அழைத்து வந்த அன்று, வீட்டுக்கு வரும் வழியில் அம்மா ஒன்றுதான் கேட்டாள், ஏன் சொல்லவில்லை என்று. "சார் கெட்டினா நல்லாத் தெரியுதும்மா" என்றேன். அவள் என் கையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தாள். டாக்டர் அறையில் நான் பேசாமல் நின்றதைப் பற்றி, அன்றும் கேட்கவில்லை, சாகும்வரை கேட்கவில்லை. அவள் மறந்துவிட்டாள் என்றுதான் நான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.