ஆறேகால் அங்குல டின்

ஆவூரிலிருந்து அந்தப் பெரியவர் வந்த வாரம் எனக்கு உடம்பு சரியில்லை. காய்ச்சல் விட்டிருந்தது, அசதி விடவில்லை. கொழும்பில் ஒரு பேக்கரியில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பி, புதுக்கோட்டையில் அண்ணனுடைய மரவாடியின் பின்பக்கம் செங்கல் அடுப்பு கட்டி ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தேன். இடம் அண்ணனுடையது, விறகும் அவருடையது. அதனால் அடுப்பில் எது வெந்தாலும் அதில் அவருக்கு ஒரு யோசனை இருக்கும். அதைக் கேட்டுக்கொள்வதும் என் வேலைகளில் ஒன்று.

பெரியவர் மகளுக்குக் கல்யாணம். மாதா கோயிலில் கல்யாண மந்திரிப்பு முடிந்ததும் கேக் வெட்ட வேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லியிருந்தார்கள். அப்போது சீனி ரேஷனில்தான் கிடைத்தது. சொந்தக்காரர்கள் வீடுவீடாகத் தங்கள் கார்டுச் சீனியை விட்டுக்கொடுத்திருந்தார்கள். அதை ஒரு துணிப்பையில் கட்டிக்கொண்டு வந்து என் மேஜைமேல் வைத்தார். கல்யாணத்துக்கு முன் இன்னொரு பிடி சீனிக்கு வழியில்லை. கேக் சதுரமாக இருக்க வேண்டும் என்பது அவருடைய ஒரே நிபந்தனை. வட்டக் கேக்கை முக்கோணம் முக்கோணமாக அறுத்தால் யார் துண்டு பெரிது என்று இரண்டு வீட்டாரும் பார்ப்பார்கள். சதுரமென்றால் கோடு போட்டு ஒரே அளவாக வெட்டலாம் என்றார்.

என்னிடம் இருந்தவை எட்டு அங்குல வட்ட டின்கள். உயரம் மூன்று அங்குலம். இரண்டு அங்குலத்துக்கு மாவு ஊற்றினால் வெந்து விளிம்பு வரை எழும்பும். கொண்டுவந்த சீனி அப்படி நான்கு டின்னுக்குச் சரியாக இருந்தது. நான்கு சதுர டின் செய்து, நான்கு கேக்கையும் ஒரு பலகையில் ஒட்டி அடுக்கினால் ஒரே பெரிய சதுரமாகிவிடும் என்றேன். பெரியவருக்குத் திருப்தி. நான்கு கேக் என்று விரலை மடக்கிச் சொல்லிவிட்டுப் போனார்.

சதுர டின் எத்தனை அங்குலம் என்பதை நான்தான் கணக்குப் பார்த்திருக்க வேண்டும். ஆனால் நான் படுத்திருந்த நேரத்தில் அண்ணன் என் வட்ட டின் ஒன்றை எடுத்துக்கொண்டு தகரக்காரரிடம் போய்விட்டார். மறுநாள் நான்கு டின்களோடு வந்தார். பக்கம் ஆறேகால் அங்குலம். எப்படி என்று கேட்டேன். டின்னைச் சுற்றி நூல் பிடித்ததாகவும் இருபத்தைந்து அங்குலம் வந்ததாகவும் அதை நாலாக மடித்ததாகவும் சொன்னார். உருட்டு மரத்தை அப்படித்தான் அளப்பார்கள். சுற்றளவில் கால் பங்கை எடுத்து, அதையே பக்கமாக வைத்துச் சதுரமாகக் கணக்கிடுவார்கள். இருபது வருடமாக அவர் மரம் வாங்கியதும் விற்றதும் அந்த அளவில்தான்.

சதுர டின்னை வட்ட டின்மேல் கவிழ்த்துப் பார்த்தேன். மூலை நான்கும் வெளியே நீட்டிக்கொண்டிருந்ததால் பெரிதாகத்தான் தெரிந்தது. கண்ணை நம்பாமல் தண்ணீரை அளந்து ஊற்றினேன். வட்ட டின்னில் இரண்டு அங்குலத்துக்குப் பத்து டம்ளர் பிடித்தது. சதுர டின்னில் அதே உயரத்துக்கு எட்டாவது டம்ளர் முழுதாகக் கொள்ளவில்லை. பத்தையும் ஊற்றினால் இரண்டரை அங்குலத்தைத் தாண்டியது. அந்த உயரத்தில் மாவை வைத்தால் பாதி வேகும்போதே விளிம்பைத் தாண்டி வழியும், நடுவில் பச்சையாக நிற்கும். தாளில் போட்டுப் பார்த்தேன். எட்டு அங்குல வட்டத்தின் பரப்பு ஐம்பது. ஆறேகாலை ஆறேகாலால் பெருக்கினால் முப்பத்தொன்பதுதான். ஏழு அங்குலப் பக்கம் இருந்திருந்தால் நாற்பத்தொன்பது வந்து ஏறக்குறைய ஒத்துப்போயிருக்கும்.

என் மனைவி பக்கத்தில் முந்திரி உடைத்துக்கொண்டிருந்தாள். குறைத்து ஊற்றினால் போதாதா என்று அவளிடம் கேட்டேன்.

“குறைச்சு ஊத்துங்க. மிச்ச மாவை என்ன செய்வீங்க? கேக்கு சின்னதா இருந்தா, எங்க சீனியில அஞ்சுல ஒரு பங்கை அமுக்கிட்டாங்கன்னு ஆவூரே பேசும். பெறகு நம்மகிட்ட எவன் சீனியக் குடுப்பான்?” என்றாள்.

அது உண்மை. ரேஷன் காலத்தில் பேக்கரிக்காரன்மேல் அந்தச் சந்தேகம் எப்போதும் உண்டு. என் தொழில் அந்த ஒரு பையில் தொங்கிக்கொண்டிருந்தது.

அண்ணனைக் கூப்பிட்டு அவர் முன்னாலேயே மறுபடி தண்ணீர் ஊற்றினேன். அவர் பொறுமையாகப் பார்த்தார். டம்ளரை வாங்கி ஒருமுறை தானும் ஊற்றினார்.

“தண்ணி வேற தம்பி. மரக்கணக்கு தப்பாது,” என்றார்.

“உருட்டு மரத்தை அறுத்துச் சதுரமாக்குனா நாலு பக்கமும் முதுகுப் பலகை கழியுமுல்லண்ணே? அந்தக் கழிவைத் தள்ளித்தான ஒங்க கணக்கு? மாவுல எதைக் கழிக்கிறது?”

அண்ணன் சதுர டின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அப்ப என்னாங்கிற, வேற டின்னு அடிக்கச் சொல்லவா?” என்று கேட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். திரும்பி வந்து, தகரக்காரர் குடும்பத்தோடு விராலிமலைக்குக் காவடி எடுக்கப் போய்விட்டதாகச் சொன்னார். இன்னொருவர் இரண்டு நாள் கேட்டாராம். கல்யாணம் மறுநாள் விடிந்தால்.

வேறு வழியில்லை. நான்கு பங்கு மாவையும் ஒன்றாகக் கலக்கி, சதுர டின்கள் நான்கிலும் இரண்டு அங்குலத்துக்கு மட்டும் ஊற்றினேன். மிஞ்சியது ஒன்பது டம்ளருக்குக் கொஞ்சம் குறைவு. அதை ஒரு வட்ட டின்னில் ஊற்றி அடுப்பில் வைத்தேன். சதுரத்தின் மூலைகள் முதலில் சிவந்தன. அவற்றை இடம் மாற்றி வைப்பதற்குள் முதுகு விட்டுப்போயிற்று. ஐந்தும் நன்றாகவே எழும்பின. அண்ணன் இழைத்த பலகையில் நான்கு சதுரத்தையும் சேர்த்து வைத்தபோது, ஏழு அங்குல டின்னில் வந்திருக்கக்கூடியதைவிட ஒரு பக்கத்துக்கு ஒன்றரை அங்குலம் குறைவாக இருந்தது.

மறுநாள் காலை பஸ்ஸில் பலகையை நானும் வட்டக் கேக்கை அண்ணனும் மடியில் வைத்துக்கொண்டு ஆவூர் போனோம். வழியெல்லாம், அளவு குறைந்ததை எப்படிச் சொல்வது என்று வாக்கியம் சேர்த்துக்கொண்டே போனேன். பெரியவர் பந்தல் வாசலில் நின்றிருந்தார். பலகையைப் பார்த்தார். பிறகு அண்ணன் கையிலிருந்த வட்டக் கேக்கைப் பார்த்தார்.

“நாலுன்னுதான பேச்சு? அஞ்சா கொண்டாந்திருக்கீங்க?”

“எல்லாம் உங்க சீனிதாங்க,” என்றேன். சதுர டின் சிறுத்துவிட்டது, அதில் கொள்ளாத மாவுதான் இது என்று ஆரம்பத்திலிருந்து விளக்கினேன். வட்டத்தின் பரப்பையும் சொன்னேன். அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். நான் முடித்ததும் உள்ளே திரும்பி, “பேக்கரிக்காரக ஒரு கேக்கு நம்ம புள்ளைக்குச் சும்மா கொண்டாந்திருக்காக. கேட்டா அடக்கமா ஒங்க சீனிங்கிறாக,” என்று சத்தமாகச் சொன்னார். அண்ணன் என் முழங்கையைப் பிடித்து, பேசாமல் இரு என்பதுபோல் அழுத்தினார். எனக்கும் மறுபடி ஆரம்பிக்கத் தெம்பில்லை.

சதுரத்தைக் கோடு போட்டு வெட்டினார்கள். இரண்டு வீட்டாருக்கும் மனக்குறை இல்லை. வட்டத்தைச் சமமாகப் பிரிக்க யாரும் துணியாததால் அது பங்குச் சாமியார் பங்களாவுக்குப் போயிற்று.

அதன்பிறகு ஆவூர்ப் பக்கத்திலிருந்து ஆர்டர்கள் வந்தன. சீனி போதுமா என்று கேட்காமலே கொடுத்துவிட்டுப் போனார்கள். நான் ஏழு அங்குலத்தில் நான்கு டின் அடித்து வைத்துக்கொண்டேன். வட்டத்துக்கான மாவு அதில் அப்படியே உட்கார்ந்தது, ஒரு கரண்டிகூட மிஞ்சவில்லை. முதல் முறை அதில் சுட்டுக் கொடுத்த வீட்டுக்காரர் நான்கையும் எண்ணிவிட்டு, ஐந்தாவது எங்கே என்று என்னைப் பார்த்தார். நான் தாளை எடுத்து, எட்டு அங்குல வட்டத்தின் பரப்பு ஐம்பது என்று தொடங்கினேன்.